உரைகல்லும் கரண்டியும்

நடுத்தர ஜாதிக்காய் ஒன்றின் எடை 5 கிராம். பருத்த காய் 7 கிராம் வரும், சுருங்கிய காய் 4 கிராமுக்குக் கீழே இறங்கும். நாகர்கோவில் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த எடை விலை போடத்தான் ஒரு காலத்தில் தேவைப்பட்டது. இப்போது வேறொரு காரணத்துக்காகவும் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வளர்ந்த ஒரு மனிதருக்கு ஜாதிக்காய் நஞ்சாகத் தொடங்கும் அளவும் கிட்டத்தட்ட அதே 5 கிராம்தான். ஒரே வேளையில் ஒரு முழுக் காயைப் பொடித்து விழுங்கினால் எல்லைக்கோட்டில் நிற்கிறோம் என்று பொருள்.

சொன்னால் நம்ப மாட்டார்கள். "பச்சப் பிள்ளைக்கு உரைச்சுக் குடுக்கிற சாமான் அண்ணாச்சி, அதுல என்ன விஷம்?" என்பார்கள். கேள்வி நியாயமானது. பதில் 'உரைச்சு' என்ற அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஆச்சிமார் பிள்ளைக்கு உரை மருந்து தயார் செய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் மூன்றையும் சோறு கொதிக்கும்போது அதில் போட்டு வேகவைப்பார்கள். எடுத்து நிழலில் காயவைப்பார்கள். வசம்பை மட்டும் விளக்கில் சுட்டுக் கருக்குவார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டிய பிறகு கல்லில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று, இரண்டு சுற்று உரைத்து, வழித்து நாக்கில் தடவுவார்கள். ஜாதிக்காய்க்கு ஒரு சுற்றுக்கு மேல் அனுமதி கிடையாது. "கூடுனா பிள்ள மயங்கிக் கெடக்கும்" என்று என் அப்பாவின் அம்மா மருமகள்களை அதட்டுவாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு 5 கிராம் காயை வாரம் இரண்டு முறை என்று ஓராண்டு உரைத்தாலும் அது பாதிகூடத் தேயாது. பாதி தேய்ந்ததாகவே வைத்துக்கொண்டாலும் இரண்டரை கிராம், நூறு முறை. ஒரு முறைக்கு 25 மில்லிகிராம். அதாவது ஒரு கிராமில் நாற்பதில் ஒரு பங்கு. ஜாதிக்காய் கல் மாதிரி கெட்டியான பொருள். அதை உரைப்பது கைவலிக்கும் வேலை. அந்தக் கெட்டித்தன்மையும் கைவலியும்தான் அளவைக் கட்டுக்குள் வைத்திருந்தன. தராசு வேண்டியிருக்கவில்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் முடியும்வரை பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்கக்கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். உரை மருந்து விற்றுப் பிழைக்கும் கடைக்காரன்தான் என்றாலும், இந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம். பூச்சி அரித்த காய், பூஞ்சை பிடித்த காய், கழுவாத கல் எல்லாம் நான் கண்ணால் பார்த்தவை. பச்சைக் குழந்தைக்கென்று கேட்பவர்களிடம் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் பொடி வந்த பிறகு தொடங்கியது. மிஷினில் அரைத்த ஜாதிக்காய்ப் பொடி 50 கிராம், 100 கிராம் என்று பாக்கெட்டில் வருகிறது. கல் போய் அந்த இடத்துக்குக் கரண்டி வந்துவிட்டது. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் பொடி என் தராசில் இரண்டு கிராமுக்குச் சற்று மேலே நிற்கிறது. கூம்பாக அள்ளினால் மூன்றரை. சாப்பாட்டுக் கரண்டியில் அள்ளினால் ஏழு. பாட்டி ஒரு வருடம் உரைத்ததைப் பேரன் ஒரே மடக்கில் குடித்துவிட முடிகிறது.

அப்படிக் குடித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். தீபாவளி வேலையில் ராத்திரி பகலாக மிஷின் மிதித்து, பண்டிகை முடிந்த பிறகும் தூக்கம் வராமல் தவித்திருக்கிறார். பாலில் ஜாதிக்காய்ப் பொடி கலந்து குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்று யாரோ சொல்ல, டவுனில் ஒரு கடையில் 50 கிராம் பாக்கெட் வாங்கியிருக்கிறார். எவ்வளவு போட வேண்டும் என்று சொன்னவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பே அவர் மனைவி என் கடை ஷட்டரைத் தட்டினார். ஆஸ்பத்திரியில் கணவர் கிடக்கிறார், என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்கிறார், பாக்கெட்டில் பெயர் அச்சடித்த காகிதம் இல்லை. "அண்ணாச்சி, இது என்னதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று பாக்கெட்டை நீட்டினார். மோந்து பார்த்தால் சந்தேகமே இல்லை. கலப்படம் இல்லாத, எண்ணெய்ப் பசை மிகுந்த நல்ல ஜாதிக்காய்ப் பொடி. விரலில் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. தராசில் வைத்தேன். முப்பத்தொன்பதரை கிராம் இருந்தது. முந்தின நாள் வாங்கிய பாக்கெட், வேறு எதற்கும் எடுக்கவில்லை என்றார். ஆக, உள்ளே போனது பத்தரை கிராம். இரண்டு காய்.

ஒரு தாளில் 'ஜாதிக்காய், 10 கிராம்' என்று எழுதிக் கொடுத்து, நானும் கூடவே போனேன்.

நடந்ததைப் பின்னால் அவரே விவரமாகச் சொன்னார். இரவு ஒன்பது மணிக்கு இரண்டு கரண்டி கூம்பாகப் போட்டுக் குடித்திருக்கிறார். பத்தரை வரை ஒன்றுமே தெரியவில்லை. 'பொடி பழசு போல, வேலை செய்யவில்லை' என்று இன்னொரு கரண்டி போட்டிருக்கிறார். இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். ஜாதிக்காய் சாராயம் மாதிரி உடனே ஏறுவதில்லை. விழுங்கி மூன்று மணி முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் அதன் முழு வேகமும் தெரியும். அதற்குள் பொறுமை இழந்து இரண்டாம் தடவை எடுப்பவருக்கு இரண்டு தடவையும் சேர்ந்து வந்து இறங்கும்.

அவருக்கு ஒரு மணிக்கு வாய் காய ஆரம்பித்தது. தண்ணீர் குடிக்கக் குடிக்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குமட்டல் வந்தது. இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து, முகம் சிவந்து சூடேறியது. கையைப் பார்த்தால் அது தன் கை மாதிரியே இல்லை என்றார். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் நகர ஒரு மணி நேரம் ஆவதாகத் தோன்றியதாம். காரணமில்லாமல் சிரித்தார், அடுத்த கணம் 'நான் சாகப்போறேன்' என்று அழுதார். இந்தச் சாவு பயம் இந்த நஞ்சில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கும் குறி என்று அங்கே இருந்த மருத்துவர் எனக்குப் பிறகு சொன்னார்.

நாட்டு மருந்துப் பொடி என்றதும் அந்த மருத்துவர் முதலில் ஊமத்தையைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். நம் ஊரில் அது சரியான சந்தேகம். வறண்ட வாய், சிவந்த முகம், வேக நாடி, சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொள்வது, உளறல் எல்லாம் இரண்டுக்கும் பொது. ஊமத்தையில் கண்மணி அகலமாக விரிந்துவிடும். ஜாதிக்காயில் அப்படி உறுதி கிடையாது. விரிந்தும் இருக்கலாம், சுருங்கியும் இருக்கலாம், சாதாரணமாகவும் இருக்கலாம். இவருக்கு விரியவில்லை. அதனால்தான் மருத்துவர் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லி விரட்டியிருக்கிறார்.

இதற்கென்று முறிவு மருந்து எதுவும் கிடையாது. இதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், சலைன் ஏற்றினார்கள், பதற்றம் தணிய ஊசி போட்டார்கள், சிறுநீர் போகிறதா என்று கவனித்தார்கள். மறுநாள் பூராவும் தூங்கினார். விழித்த பிறகும் தலைபாரமும் தள்ளாட்டமும் போக இன்னும் ஒரு நாள் ஆயிற்று. பெரும்பாலோர் இப்படித்தான் ஒன்று, இரண்டு நாளில் தெளிந்துவிடுகிறார்கள். சிலருக்கு மூன்று நாள்கூட இழுக்கும்.

உடம்புக்குள் இதையெல்லாம் செய்வது காயின் வாசனை எண்ணெய். நல்ல காயில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு வரை ஆவியாகும் எண்ணெய் இருக்கும். அதில் மிரிஸ்டிசின் என்ற பொருள்தான் பேர்போனது, எலிமிசின், சாஃப்ரோல் என்று கூட்டாளிகளும் உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம் மிரிஸ்டிசின் சேர்ந்தாலே குறிகள் தொடங்கிவிடும் என்பது நஞ்சியல் கணக்கு. 5 கிராம் என்ற எல்லை அதற்குச் சமம். ஆனால் காய்க்குக் காய் எண்ணெய் மாறும். நான் சரக்கு வாங்கும்போது காயில் ஊசியைக் குத்திப் பார்ப்பேன். குத்திய இடத்தில் எண்ணெய் கசிந்தால் தரமான காய். பூச்சி அரித்து, துளை விழுந்து, கையில் எடுத்தால் லேசாக இருக்கும் காயில் எண்ணெய் பாதி போயிருக்கும். மலையோரத் தோட்டங்களில் மழைக்காலத்தில் விழுந்து பதமாகக் காய்ந்த புதுக்காய் வீரியமானது. இரண்டு பேர் ஒரே அளவு சாப்பிட்டு ஒருவருக்கு ஒன்றும் ஆகாமல், மற்றவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். 'நான் ஒரு முழுக்காய் தின்றிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று கடையில் நின்று வீரம் பேசுகிறவர் தின்றது எந்தக் காய் என்று அவருக்கே தெரியாது.

ஜாதிபத்திரிக்கும் இதே எச்சரிக்கைதான். காயைப் போர்த்தியிருக்கும் சிவப்பு வலைதான் அது. அதே எண்ணெய் அதிலும் உண்டு. சிறு குப்பியில் விற்கும் ஜாதிக்காய் எண்ணெய் இன்னும் மோசம். பத்துக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று வைத்தால், ஒரு மில்லி எண்ணெய் கிட்டத்தட்ட பத்து கிராம் காய்க்குச் சமம். மூட்டுவலிக்கு மேலே தடவும் அந்தக் குப்பியைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது. அட்டகாசமாக மணக்கிறது என்று குழந்தை வாயில் வைத்துவிடும்.

அப்படியானால் பிரியாணியில் போடுகிறோமே என்பார்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரர் ஒருவர் என்னிடம் பட்டியல் போட்டு வாங்குவார். பத்து கிலோ அரிசிக்கு ஐந்து ஜாதிக்காய். அது நூறு பேர் சாப்பிடும் பிரியாணி. இருபத்தைந்து கிராமை நூறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குக் கால் கிராம். இரண்டு தட்டு சாப்பிடுகிறவருக்கு அரை கிராம். ஆபத்தின் பக்கத்தில்கூட அது போகவில்லை. அதற்கு மேல் போட்டால் கசப்பு தட்டிப் பிரியாணியே வீணாகும். எங்கள் பக்கம் ஜாதிக்காயின் வெளிச்சதையில் ஊறுகாய் போடுகிறோம். அது கொட்டை இல்லை, சதை. இந்தக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

மருந்தாக எவ்வளவு என்பதற்கும் எழுதிவைத்த அளவு இருக்கிறது. இந்திய அரசின் ஆயுர்வேத பார்மகோபியா அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை என்கிறது. எனக்கு வரும் சித்த வைத்தியர் சீட்டுகளில் பெரும்பாலும் குன்றிமணி எடை, இரண்டு குன்றிமணி எடை என்றுதான் இருக்கும். ஒரு குன்றிமணி 130 மில்லிகிராம். பழைய வைத்தியர்கள் குன்றிமணி விதையையே தராசில் எடைக்கல்லாக வைத்தார்கள். ஒரு வராகன் எடை என்பது 4.2 கிராம். ஜாதிக்காயை அந்த எடைக்குத் தனியாகக் கொடுக்கச் சொல்லி இதுவரை எந்தச் சீட்டும் எனக்கு வந்ததில்லை. சூரணத்தில் பத்துச் சரக்கோடு ஒன்றாகத்தான் அது வரும்.

ஆக, சமையலில் சிட்டிகை, மருந்தில் வைத்தியர் சொன்னபடி அதிகபட்சம் ஒரு கிராம், ஐந்து கிராமில் நஞ்சு. நடுவில் இருக்கும் இடைவெளி ஐந்து மடங்குதான். மிளகிலோ சீரகத்திலோ ஐந்து மடங்கு கூடினால் வயிறு எரியும், அவ்வளவே. இதில் அந்தச் சலுகை இல்லை. இரண்டு, மூன்று கிராமிலும் சிலருக்குக் குமட்டலும் படபடப்பும் வந்துவிடும்.

கரண்டிப் பிழை நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. 1987இல் ஒரு மகப்பேறு மருத்துவ இதழில் வெளியான நிகழ்வு இது. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் வீட்டில் பிஸ்கட் செய்திருக்கிறார். டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு போட வேண்டிய ஜாதிக்காய்ப் பொடியை ஒரு பெரிய கரண்டி, ஏழு கிராம், போட்டுவிட்டார். சாப்பிட்ட சில மணி நேரத்தில் அவருக்கு நெஞ்சுப் படபடப்பு, வறண்ட வாய், பார்வை மங்கல். வயிற்றுப் பிள்ளையின் இதயமும் வேகமாக ஓடியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் தணிந்து, பிள்ளையும் பின்னர் நலமாகப் பிறந்தது. 'கருவைக் கலைக்கும்' என்று நம்பி ஜாதிக்காய் தின்ற பெண்களும் வரலாற்றில் உண்டு. கரு கலையவில்லை, தின்றவர்கள்தான் மயங்கிக் கிடந்தார்கள். 1576இலேயே லோபெலியஸ் என்ற தாவர அறிஞர் பத்துப் பன்னிரண்டு காய் தின்று சித்தம் தடுமாறிய ஒரு கர்ப்பிணியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

போதைக்காக இதைத் தேடுகிற பையன்களும் எப்போதாவது வருவார்கள். மொத்தமாகப் பொடி கேட்கும்போதே முகத்தில் தெரிந்துவிடும். அமெரிக்கச் சிறையில் கைதிகள் தீப்பெட்டி நிறைய ஜாதிக்காய்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததை மால்கம் எக்ஸ் தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். வேறு எதுவும் கிடைக்காத இடத்தின் கதி அது. இன்பம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. எங்கள் தையல்காரரைக் கேட்டால் தெரியும். அவர் இன்றுவரை பிரியாணியில் ஜாதிக்காய் வாசம் தட்டினால் இலையை விட்டு எழுந்துவிடுகிறார்.

சாவு நடக்குமா என்றால், அரிது. ஆனால் நடந்திருக்கிறது. 1908இல் இரண்டு காய், சுமார் 14 கிராம், தின்ற எட்டு வயதுச் சிறுவன் ஒரு நாளுக்குள் இறந்துபோனது பழைய மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. 2001இல் வெளியான இன்னொரு பதிவில் இறந்தவர் 55 வயதுப் பெண். அவர் இரத்தத்தில் மிரிஸ்டிசினோடு தூக்க மாத்திரையும் இருந்தது. எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் பயம் தருகிறது. ஜாதிக்காய்ப் பொடி கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தூக்கம் வராதவர்கள். அவர்களில் பலர் ஏற்கனவே மாத்திரை போடுகிறவர்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்வதில்லை. அதனால் நான் கேட்டுவிடுகிறேன். மாத்திரை உண்டு என்றால், இதய நோய் உண்டு என்றால், கர்ப்பம் என்றால் கொடுப்பதில்லை. வியாபாரம் போகிறதே என்று என் மகன் முணுமுணுப்பான்.

குழந்தைகளுக்கான எல்லையை எடைக்கணக்கில் இறக்கிப் பார்க்க வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு ஐந்து கிராம் என்றால், பத்து கிலோ குழந்தைக்கு ஒரு கிராமுக்கும் கீழே. அரை டீஸ்பூன்கூட வேண்டாம். வயிற்றுப்போக்கு நிற்க வேண்டும் என்று ஒரு வயதுப் பிள்ளைக்குப் பொடியைத் தேனில் குழைத்து ஊட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும்.

என் கடையில் இப்போது ஜாதிக்காயைப் பொடியாக விற்பதில்லை, காயாகத்தான் கொடுக்கிறேன். வீட்டில் துருவிக்கொள்ளட்டும். ஒரு கிராம் துருவுவதற்குள் கை சலித்துவிடும்.

யாராவது அதிகம் சாப்பிட்டுவிட்டார் என்று தெரிந்தால், ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். வேகம் பிடிக்க ஆறு மணி நேரம் வரை ஆகலாம். மோர் கொடுப்பது, எலுமிச்சை பிழிந்து கொடுப்பது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது எதுவும் செய்ய வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். மீதிப் பொடியைக் கையோடு எடுத்துப் போய், எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு என்று வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஜாதிக்காய் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.